அனுப்புகூலி இரண்டு தரம் ஏறிய சுங்கச் சிட்டை: கொக்குவிலுக்கு வந்த ஒரு பார்சல்

பின்னணி

2024 இன் நடுப்பகுதி. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே பிறந்தநாள் கேக் செய்து விற்கும் ஒரு பெண்ணுக்கு, லண்டனிலுள்ள அண்ணன் ஒரு கேக் மிக்சர் வாங்கி அனுப்பினார். ஐந்து லீற்றர் கிண்ணம் பூட்டிய, மேசையில் வைத்துப் பாவிக்கிற வகை. அங்குள்ள ஒரு கடையின் இணையத்தளத்தில் வாங்கி, கடையே கூரியரில் நேரே யாழ்ப்பாண முகவரிக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

கடையின் விலைப்பட்டியல் இப்படி இருந்தது. மிக்சர் 288 பவுண். அனுப்புகூலி 74, எரிபொருள் சேர்சார்ஜ் 12, காப்புறுதி 4. மொத்தம் 378 பவுண். 288 பவுணுக்குள் பிரித்தானியாவின் 20 வீத வற் வரி 48 பவுண் அடங்கியிருப்பதாக அடியில் ஒரு சிறு குறிப்பு. பெரும்பாலான வீடுகளில் இப்படியொரு தாள் வந்தால் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பார்கள். இந்த நிகழ்வில் பிறகு தேவைப்பட்ட எல்லாமே அந்த ஒரு தாளில்தான் இருந்தன.

அண்ணன் அனுப்பும்போதே மனதில் ஒரு வரிக் கணக்குப் போட்டிருந்தார். இறக்குமதித் தீர்வை 20, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி 10, வற் 18, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5. கூட்டினால் 50.5 வீதம். மிக்சரின் விலை, பவுண் ஒன்றுக்கு 390 ரூபாப்படி, 112,320 ரூபா. அதில் 50.5 வீதம் 56,721 ரூபா 60 சதம். "ஒரு அறுபதாயிரம் வைச்சிரு, காணும்" என்று தங்கைக்குச் சொல்லியிருந்தார்.

முதல் நாள்: வந்த தொகை

பார்சல் கட்டுநாயக்கவில் இறங்கி இரண்டாம் நாள் கூரியர் நிறுவனத்திடமிருந்து கைப்பேசிக்குத் தகவல் வந்தது. கட்ட வேண்டிய தொகை 111,437 ரூபா 72 சதம். தொகை பெரிதென்பதால், தாங்கள் முன்கூட்டிச் சுங்கத்துக்குக் கட்டாமல் வாடிக்கையாளரின் சம்மதத்துக்குக் காத்திருப்பதாகவும், ஐந்து நாளுக்குப் பிறகு சேமிப்புக் கட்டணம் ஏறும் என்றும் அதில் இருந்தது.

யாழ்ப்பாணக் கிளையில் போய்க் கேட்டபோது கருமபீடத்திலிருந்தவர், "அக்கா, கொழும்பிலயிருந்து மொத்தமாத்தான் எங்களுக்கு வாறது. உடைச்சுச் சொல்ல எங்களுக்குத் தெரியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கிளைக்கு வருவது வசூலிக்க வேண்டிய தொகை மட்டுமே. கணக்கு இருப்பது சுங்கப் பத்திரத்தில். அதன் பிரதியை நிறுவனத்தின் தீர்வைப் பகுதியிடம் மின்னஞ்சலில் கேட்க வேண்டும், விமானச் சரக்குச் சீட்டின் இலக்கத்தைக் குறிப்பிட்டு.

இங்கே முதலாவது முடிவு எடுக்கப்பட்டது: பத்திரம் வரும்வரை பணம் கட்டுவதில்லை, பார்சலை மறுப்பதுமில்லை. பணம் கட்டப்படாத பத்திரத்தைத் திருத்துவது கூரியரின் சுங்க முகவர் ஒரு கடிதத்தோடு செய்கிற வேலை. பணம் கட்டியபின் அது மீளளிப்பு விண்ணப்பமாகிவிடும். இறக்குமதியாளரின் பெயரில் ஆவணங்கள் சேர்த்துச் சுங்கத் திணைக்களத்திடம் கோரி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சேமிப்புக் கட்டணம் நாளுக்கு 600 ரூபாவும் வற் வரியும். எதிர்பார்த்ததைவிட ஐம்பதாயிரம் ரூபா அளவில் கூடி வந்து சந்தேகம் இருக்கையில் இரண்டு மூன்று நாள் காத்திருப்பது நட்டமில்லை என்று கணக்குப் பார்க்கப்பட்டது. தொகை ஐயாயிரம் ரூபாவாக இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

சிட்டையை இரண்டாகப் பிரித்தல்

மூன்றாம் நாள் மின்னஞ்சலில் இரண்டு தாள் வந்தன: கூரியரின் சிட்டை, சுங்கப் பத்திரத்தின் பிரதி. இவற்றைப் படித்துக் கொடுத்தவர், கொழும்புத் துறைமுகத்தில் பல வருடம் சுங்கப் பத்திர வேலை பார்க்கிற வாவ் கிளாக்காக இருந்து ஊரோடு வந்துவிட்ட ஒரு அயலவர். அவர் முதலில் செய்தது, அரசாங்கத்துக்குப் போகிற காசையும் கூரியருக்குப் போகிற காசையும் பிரித்தது.

சுங்கத்துக்கு 107,139.24 ரூபா. கூரியருக்கு மூன்று தொகைகள்: வரியை முன்கூட்டிக் கட்டிக்கொடுப்பதற்கான சேவைக் கட்டணம் அந்தத் தொகையின் 2 வீதம், அதாவது 2,142.78, பத்திரம் போடுகிற கட்டணம் 1,500, இந்த இரண்டுக்கும் 18 வீத வற், 655.70. ஆகமொத்தம் 111,437.72.

இந்தப் பிரிப்பு வெறும் ஒழுங்குக்காக அல்ல. கூரியரின் கட்டணத்தைப் பற்றிக் கூரியரோடு பேசலாம். சுங்கத்தின் தொகையில் கூரியருக்கோ சுங்க உத்தியோகத்தருக்கோ தள்ளுபடி கொடுக்கிற அதிகாரம் இல்லை. அங்கே கேட்கக்கூடியது ஒன்றுதான், பத்திரத்தில் எழுதப்பட்டது சரியா என்பது.

இன்னொரு குழப்பத்தையும் இந்த இடத்திலேயே தீர்க்க வேண்டியிருந்தது. விலைப்பட்டியலில் "சேர்சார்ஜ்" என்று 12 பவுண் இருக்கிறதே, சுங்கத் தாளில் அதைக் காணவில்லையே என்று அந்தப் பெண் கேட்டார். இரண்டும் ஒரே சொல், வேறு வேறு சாமான். கூரியர் போடும் எரிபொருள் சேர்சார்ஜ் அனுப்புகூலியின் ஒரு பகுதி. கூலியோடு சேர்ந்து வரிக்குரிய பெறுமதிக்குள் போய்விடும். சுங்கத்திலும் சேர்சார்ஜ் எனப்படுகிற மிகைவரி என்பது பொருளின் விலை மீதல்ல, இறக்குமதித் தீர்வை மீது போடப்படுவது. 2025 இல் வாகன இறக்குமதியைத் திறந்தபோது தீர்வையின் மேல் 50 வீத மிகைவரி வந்தது அந்த வகை. தீர்வை 20 வீதமாக இருந்து மிகைவரி 50 வீதமாக இருந்தால், கூடுவது பொருளின் பெறுமதியில் 10 வீதம், 50 வீதமல்ல. இந்த மிக்சருக்கு மிகைவரி எதுவும் இருக்கவில்லை. செஸ் வரியும் இருக்கவில்லை.

சுங்கப் பத்திரத்தில் கண்டது

பத்திரம் ஒரு பக்கத்தில் கட்டம் கட்டமாகப் பிரிந்த தாள். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. அயலவர் விரலை வைத்தது ஐந்து கட்டங்களில்: ஒப்படைப்பு நிபந்தனை எழுதும் 20, விலைப்பட்டியலின் நாணயமும் மொத்தமும் எழுதும் 22, நாணயமாற்று வீதத்துக்கான 23, பொருளின் குறியீட்டு இலக்கமான 33, வரிகள் வரிசையாக நிற்கும் 47.

47 ஆம் கட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு விடயம் ஒரே நிரையில் இருக்கும்: வரியின் குறி, அது எந்தத் தொகையின்மீது போடப்பட்டது, வீதம், வந்த தொகை. வந்திருந்தது மங்கலான ஸ்கேன். இரண்டாம் நிரல், அதாவது அடிப்படைத் தொகை, ஏறக்குறைய வாசிக்க முடியாமல் இருந்தது. கடைசி நிரல் மட்டும் தெளிவு. தீர்வை 36,504, துறைமுக விமான நிலைய வரி 18,252, வற் 45,995.04, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 6,388.20.

இந்த நாலு எண்ணிலிருந்தே பின்னோக்கிப் போகலாம். துறைமுக விமான நிலைய வரி, பொருளின் விலை, காப்புறுதி, அனுப்புகூலி மூன்றும் சேர்ந்த தொகையின் நேர் பத்து வீதம். அதற்குள் வேறெதுவும் கலக்காது. ஆகவே அதைப் பத்தால் பெருக்கினால் சுங்கம் எடுத்துக்கொண்ட பெறுமதி அப்படியே வெளியே வந்துவிடும்: 182,520 ரூபா. (சில பொருட்களுக்கு இந்த வரி குறைந்த வீதத்தில் இருக்கும், வீதத்தைப் பார்த்துத்தான் பெருக்க வேண்டும்.) 23 ஆம் கட்டத்தில் வீதம் 390.00. வகுத்தால் 468 பவுண்.

விலைப்பட்டியலின் மொத்தமே 378. எங்கிருந்தோ 90 பவுண் கூடியிருந்தது.

ஏன் கூடியது

அண்ணன் தொலைபேசியில் கேட்டவுடன் சொன்னது, சுங்கம் விலையை நம்பாமல் கூட்டிப் போட்டிருக்கிறது என்று. அப்படி நடப்பதுண்டு, சொல்லப்பட்ட விலையில் சந்தேகம் இருந்தால் விளக்கம் கேட்கவும் ஏற்காமல் விடவும் சுங்கக் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் விலையை உயர்த்தினால் வருகிற வித்தியாசம் இதே வகைப் பொருளின் வேறொரு விலையிலிருந்து வரும். அது 90 என்று இவ்வளவு வடிவாக வந்து நிற்காது. 74, 12, 4 மூன்றையும் கூட்டினால் 90. வித்தியாசம் சரியாக அனுப்புகூலியும் காப்புறுதியும்.

20 ஆம் கட்டம் அதை உறுதிசெய்தது. அங்கே FOB என்று இருந்தது. அதற்கு அர்த்தம், 22 ஆம் கட்டத்தில் எழுதிய தொகைக்குள் கூலி இல்லை, அதை வெளியே கூட்ட வேண்டும் என்பது. 22 இல் எழுதப்பட்டிருந்ததோ 378, கூலியும் காப்புறுதியும் ஏற்கெனவே உள்ளே இருக்கிற மொத்தம். பத்திரம் தட்டச்சுச் செய்தவர் விலைப்பட்டியலின் கடைசி எண்ணைப் பொருளின் விலையாக எடுத்து, கூலி 86, காப்புறுதி 4 என்பவற்றைத் தனியே உரிய இடத்தில் போட, கணினி அதன் வேலையைச் சரியாகச் செய்து 468 ஆக்கியிருக்கிறது. கடைகள் கூலியை உள்ளடக்கி மொத்தம் போட்டு, "விலைக்குள் கூலி அடக்கம்" என்று எங்கும் எழுதாமல் விடுகிற விலைப்பட்டியல்களில் இது அடிக்கடி நடக்கிற பிழை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பார்சலுக்குப் பத்திரம் போடுகிறவரின் கண் முதலில் போவது மொத்தத்துக்குத்தான்.

58.7 எங்கிருந்து வருகிறது

பெறுமதி பிழை என்பது தெரிந்தபின்னும் அண்ணனுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. 378 ஐ எடுத்தாலும், 147,420 ரூபாவில் 50.5 வீதம் 74,447 ரூபாதானே? சுங்கம் கேட்பது அதைவிடக் கூட வருகிறதே?

வீதங்களை ஒன்றோடொன்று கூட்டக்கூடாது. தீர்வையும் துறைமுக விமான நிலைய வரியும் மட்டுமே நேரடியாகப் பெறுமதிமீது போகின்றன. வற்றுக்கு அடிப்படை அதைவிடப் பெரிது: பெறுமதியோடு அதன் பத்து வீதத்தைக் கூட்டி, அதன்மேல் தீர்வையையும் துறைமுக விமான நிலைய வரியையும் கூட்ட வேண்டும். அந்தப் பத்து வீதம் யாருக்கும் கட்டுகிற காசல்ல. வற் கணக்குக்காக மட்டும் ஏற்றிக்கொள்ளப்படும் தொகை. சிட்டையில் அது எந்த வரியிலும் தெரியாது என்பதால்தான் பலருக்குக் கணக்கு ஒத்துவருவதில்லை. 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் அதே அடிப்படைமீதுதான்.

பெறுமதியை 100 ரூபா என்று வைத்தால்:

```
பெறுமதி                              100.00
தீர்வை            100 × 20%     =     20.00
துறைமுக/விமான வரி 100 × 10%     =     10.00
வற் அடிப்படை      100+10+20+10  =    140.00
வற்               140 × 18%     =     25.20
சமூகப் பாதுகாப்பு 140 × 2.5%    =      3.50
கட்ட வேண்டியது  20+10+25.20+3.50 =    58.70
```

18 வீதம் என்று சொல்லப்படுகிற வற், பொருளின் பெறுமதியில் 25.2 வீதமாக வந்து விழுகிறது. அது பிழையல்ல, சட்டப்படி அப்படித்தான். தீர்வை வேறு வீதத்தில் உள்ள பொருளுக்கு 58.7 மாறும்; கணக்கு வழி மாறாது.

அயலவர் இதை 468 பவுணுக்குப் போட்டுப் பார்த்தார். 182,520 ஐ 0.587 ஆல் பெருக்க 107,139.24. சிட்டையோடு சதம் வரை ஒத்தது. ஆகவே வீதங்களில் பிழையில்லை, கூட்டலில் பிழையில்லை. பெறுமதி ஒன்றுதான் பிழை. பிறகு 378 க்கு:

```
378 × 390.00                =  147,420.00
தீர்வை 20%                  =   29,484.00
துறைமுக/விமான வரி 10%       =   14,742.00
வற் அடிப்படை 147,420 × 1.4  =  206,388.00
வற் 18%                     =   37,149.84
சமூகப் பாதுகாப்பு 2.5%      =    5,159.70
மொத்தம்                     =   86,535.54
```

வித்தியாசம் 20,603.70 ரூபா. கவனிக்க வேண்டியது, திருத்தியபின்னும் இது அண்ணன் சொன்ன அறுபதாயிரத்துக்குக் கிட்ட வரவில்லை. அவருடைய 56,721.60 க்கும் சரியான 86,535.54 க்கும் இடையில் கிட்டத்தட்ட முப்பதாயிரம். அதில் 20,603.70, அனுப்புகூலிக்கும் காப்புறுதிக்கும் ஒருமுறை சட்டப்படி வருகிற வரி. அவர் மிக்சரின் விலைக்கு மட்டும் கணக்குப் போட்டதால் விட்டது. மிச்சம் 9,210.24, வீதங்களை நேராகக் கூட்டியதால் விட்டது. பிழையான பகுதியையும் எதிர்பாராத பகுதியையும் பிரித்துக்காட்டாமல் "கூடப் போட்டுட்டினம்" என்று கூரியரோடு சண்டைக்குப் போயிருந்தால், அவர்கள் வீதங்களைக் காட்டி வாயை அடைத்திருப்பார்கள்.

எதைக் கேட்பது, எதை விடுவது

கேட்கலாம் என்று வீட்டில் பேசப்பட்டவை நான்கு. கூலி இரட்டிப்பு ஒன்று. மற்ற மூன்றும்: பிரித்தானிய வற் 48 பவுணைக் கழிப்பது, மிக்சரைத் தொழில் இயந்திரம் என்ற பகுதிக்கு மாற்றுவது, கூரியரின் இரண்டு வீதக் கட்டணம்.

48 பவுணைக் கழிக்கச் சொல்லிக் கேட்பதில்லை என்று முடிவானது. சுங்கம் எடுப்பது பொருளுக்கு உண்மையில் கொடுத்த விலை. கடைக்குக் கொடுத்தது 288. கடை அந்த வரியைத் திருப்பித் தரவில்லை, தருவதாகத் தாளிலும் இல்லை. வெளிநாட்டுக்கு நேரே அனுப்பும் பொருளுக்குப் பிரித்தானியக் கடை வற் இல்லாமல் 240 பவுணுக்கு விற்றிருக்கலாம். அப்படி விற்று விலைப்பட்டியலும் 240 என்று வந்திருந்தால் சுங்கமும் 240 இலிருந்துதான் தொடங்கியிருக்கும். நடந்து முடிந்த விற்பனையில் அதைச் சுங்கத்திடம் கேட்க வழியில்லை. கடையிடம் அண்ணன் கேட்டுப் பார்த்தார். வாங்கும்போது பணம் கட்டியவரின் முகவரி லண்டன் என்பதால் உள்நாட்டு விற்பனையாகப் பதிந்துவிட்டதாகவும், இனி மாற்றமுடியாதென்றும் பதில் வந்தது.

தொழில் இயந்திரம் என்ற யோசனை, கேக் விற்பது தொழில்தானே என்பதிலிருந்து வந்தது. 33 ஆம் கட்டத்தில் இருந்தது 8509 என்று தொடங்கும் இலக்கம், மின் மோட்டர் பூட்டிய வீட்டுச் சாதனங்களுக்கான தலைப்பு. உணவு அரைக்கிற, கலக்கிற சாதனங்கள் அதற்குள் எந்த எடையிலும் வரும். வகைப்படுத்தல் பார்ப்பது பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதை. வாங்கியவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதை அல்ல. பேக்கரிகளில் நிலத்தில் நிற்கிற மா குழைக்கும் இயந்திரம் வேறு தலைப்பு. ஐந்து லீற்றர் மேசை மிக்சரை அங்கே தள்ளப் பார்த்தால், சரியாக இருக்கிற ஒரு கட்டத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவதோடு, நியாயமான கோரிக்கைக்கும் பலம் குறையும். அது விடப்பட்டது.

இரண்டு வீதக் கட்டணம், கூரியர் தன் காசை முன்கூட்டிப் போடுவதற்கானது. இங்கே கூரியர் இன்னும் போடவில்லை. வரித்தொகையை வங்கி வழியாக முதலே கட்டுகிறோம், அப்படியானால் அந்தக் கட்டணம் வராதுதானே என்று அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்க்கப்பட்டது.

திருத்தம்

நான்காம் நாள் காலை அனுப்பிய மின்னஞ்சல் நீளமில்லை. அதில் இருந்த சாரம்: 22 ஆம் கட்டத்தில் உள்ள 378 பவுண், கூலி 86 உம் காப்புறுதி 4 உம் அடங்கிய மொத்தம், 20 ஆம் கட்டத்தில் FOB என்று இருப்பதால் அந்த 90 இரண்டாம் தரம் கூட்டப்பட்டுள்ளது, பொருளின் விலையை 288 என்று திருத்தினால் பெறுமதி 378 ஆகும், கட்ட வேண்டிய வரி 86,535.54 ஆகும். விலைப்பட்டியலில் நான்கு தொகைகளுக்கும் வட்டம் போட்ட பிரதி, அண்ணனின் வங்கிக் கணக்கில் 378 பவுண் கழிந்ததைக் காட்டும் பக்கம் (மற்றப் பரிமாற்றங்கள் மறைக்கப்பட்டு) இரண்டும் இணைக்கப்பட்டன.

வங்கிப் பக்கம் இல்லாமலும் திருத்தியிருப்பார்கள் என்று நினைக்கலாம். ஆனால் பெறுமதியைக் குறைக்கச் சொல்லி வருகிற எந்தக் கோரிக்கையையும் உத்தியோகத்தர் முதலில் பார்ப்பது சந்தேகத்தோடுதான். 378 தான் கைமாறிய காசு என்பதை விலைப்பட்டியலுக்கு வெளியேயிருந்து காட்டுகிற தாள் அதுவொன்றே.

அன்று மாலை தீர்வைப் பகுதியிலிருந்து தொலைபேசி வந்தது. "நீங்கள் சொல்லுறது சரி, ஆனா சுங்கத்தில கையொப்பம் எடுக்க வேணும்" என்றார்கள். ஐந்தாம் நாள் விடுமுறை. ஆறாம் நாள் நிறுவனத்தின் சுங்க முகவர் திருத்தக் கடிதம் கொடுத்தார். ஏழாம் நாள் திருத்திய பத்திரம் வந்தது. பதிவிலக்கம் அதே இலக்கம், நாணயமாற்று வீதமும் அதே 390.00. சுங்கம் வாராவாரம் வெளியிடும் வீதம் இதற்குள் மாறியிருந்தது. புதிய பத்திரமாகப் போட்டிருந்தால் அந்த வீதமும் மாறியிருக்கும்.

47 ஆம் கட்டத்தில் மொத்தம் 86,535.54. அந்தத் தொகை அன்றே வங்கியில் கட்டப்பட்டது. இரண்டு வீதக் கட்டணம் சிட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. பத்திரக் கட்டணம் 1,500 உம் அதன் வற் 270 உம் நின்றன. ஐந்து நாளுக்கு மேற்பட்ட இரண்டு நாளுக்குச் சேமிப்புக் கட்டணம் வற்றோடு 1,416. அதைத் தள்ளிவிடும்படி, பிழை நிறுவனத்தின் பத்திரத்தில்தானே என்று கேட்கப்பட்டது. சேமிப்பகம் வேறு நிறுவனத்துடையது என்று மறுத்துவிட்டார்கள். அதற்குமேல் அது இழுக்கப்படவில்லை. கடைசியாகக் கட்டியது 89,721.54 ரூபா, முதலில் கேட்டதைவிட 21,716.18 குறைவு. மிக்சர் ஒன்பதாம் நாள் கொக்குவிலுக்கு வந்தது.

மாற்றிச் செய்யக்கூடியது

மிகப் பெரிய தொகை போனது சுங்கப் பத்திரத்தில் அல்ல, வாங்கின இடத்தில். வற் இல்லாமல் 240 க்கு வாங்கியிருந்தால் கடையில் 48 பவுண் மிச்சம். அந்த 48 பவுணின் 18,720 ரூபாவுக்கு இங்கே கட்டிய 10,988.64 ரூபா வரியும் மிச்சம். கூலி இரட்டிப்பைப் பிடித்ததால் வந்த இலாபத்தைவிட இது கூட. அடுத்த தரம் அண்ணன் செய்ய வேண்டியது, கட்டளை கொடுக்கமுன் கடைக்கு எழுதி, ஏற்றுமதி விலையில் விற்பார்களா, விலைப்பட்டியலை யாழ்ப்பாணப் பெயருக்கும் முகவரிக்கும் போடுவார்களா என்று கேட்பது. எல்லாக் கடையும் செய்யாது. செய்கிற கடை பத்து பவுண் விலை கூட என்றாலும் அங்கே வாங்குவது மலிவு.

விலைப்பட்டியலில் பொருள், கூலி, காப்புறுதி மூன்றும் தனித்தனி வரியாக, ஒப்படைப்பு நிபந்தனை, மொத்தத்துக்குள் கூலியும் காப்புறுதியும் அடக்கம் என்று அர்த்தப்படும் CIF என்று எழுதப்பட்டு வரவேண்டும். இந்த நிகழ்வில் மூன்று வரியும் இருந்தன, நிபந்தனை மட்டும் இல்லை; அதுவொன்று இருந்திருந்தால் 20 ஆம் கட்டத்தில் FOB ஏறியிருக்காது. "இலவச அனுப்புகை" என்று போடுகிற கடைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. விலைப்பட்டியலில் கூலி சைபர் என்று கண்டால், பத்திரம் போடுகிறவர் எடைக்கு வருகிற கூலியைத் தானாக ஏற்றிவிடக்கூடும். கூலி விலைக்குள் அடக்கம் என்று கடையிடமிருந்து ஒரு வரி எழுத்தில் வாங்கி வைப்பது அதற்குத் தேவை.

அன்பளிப்பு என்று எழுதி விலையை 50 பவுணாகக் காட்டச் சொல்லி உறவினர் ஒருவர் முதலில் யோசனை சொல்லியிருந்தார். மிக்சரின் பெட்டியிலேயே மாதிரி இலக்கம் அச்சடித்திருக்கும். உத்தியோகத்தர் கைப்பேசியில் விலை பார்க்க ஒரு நிமிடம் காணும். அப்படிப் பிடிபட்டால் திருத்தக் கடிதத்தால் முடிகிற காரியமல்ல, பொருள் பறிமுதலும் தண்டமும். உண்மையான விலைப்பட்டியல் கையில் இருந்ததால்தான் ஏழாம் நாள் கணக்கைத் திருப்ப முடிந்தது.

பத்திரத்தின் பிரதி மூன்றாம் நாள்தான் கேட்டு வந்தது. தகவல் வந்த அன்றே கேட்டிருந்தால் விடுமுறைக்கு முன் கையொப்பம் கிடைத்திருக்கலாம், 1,416 ரூபாவும் போயிருக்காது. கிளைக்குப் போய் நின்ற அரை நாள் வீண். விமானச் சரக்குச் சீட்டு இலக்கத்தோடு நேரே தீர்வைப் பகுதிக்கு எழுதி, 47 ஆம் கட்டம் வாசிக்கக்கூடிய தெளிவில் வேண்டும் என்றும் கேட்க வேண்டும். இந்த ஸ்கேன்போல மங்கலாக வந்தாலும், துறைமுக விமான நிலைய வரியின் எண் மட்டும் தெரிந்தால் போதும், பெறுமதியைக் கண்டுபிடித்துவிடலாம்.